ஸுஃப்தஜாவும் இன்றைய விளம்பரச் சொற்களும்

வளைகுடா நாடுகளில் நம்மவர் பணிபுரியும் ஊர்களில் பணம் அனுப்பும் நிறுவனங்களின் பலகைகள் இரண்டு சொற்களை ஓயாமல் கூறிக்கொண்டிருக்கின்றன. ஒன்று நம்பிக்கை, மற்றொன்று வேகம். சேர்ந்தே அச்சிடப்பட்டாலும் இவ்விரண்டுக்கும் ஒரே வயதல்ல. நம்பிக்கை வணிகத்தோடு பிறந்தது. வேகம் தந்திக் கம்பியோடு வந்தது.

அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் மக்காவில் மக்களிடமிருந்து திர்ஹங்களைப் பெற்றுக்கொண்டு, இராக்கிலிருந்த தம் சகோதரர் முஸ்அபுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார்கள். கடிதத்தைக் காட்டியவர்கள் அங்கே தம் பணத்தைப் பெறுவார்கள் என்று அறிவிக்கப்படுகிறது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் இதுபற்றிக் கேட்கப்பட்டபோது அவர்கள் இதில் குற்றம் காணவில்லை. இத்தகைய கடிதத்தையே ஃபிக்ஹு நூல்கள் ஸுஃப்தஜா என்கின்றன. பாலைவழியில் கொள்ளையருக்கு அஞ்சி வெள்ளியைச் சுமந்து செல்ல வேண்டியதில்லை. பயணம் செய்தது கடிதம் மட்டுமே. நாணயம் இருந்த இடத்திலேயே இருந்தது.

இங்கே அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இன்ன ஊரில் திருப்பித் தரவேண்டும் என்று கடன் கொடுக்கும்போதே நிபந்தனையிட்டால், வழியின் ஆபத்திலிருந்து தப்பும் ஆதாயம் கடன் கொடுத்தவருக்குக் கிடைத்துவிடுகிறது. ஆகவே அது கூடாது என்பது ஹனஃபி, ஷாஃபிஈ நூல்களில் காணப்படும் நிலைப்பாடு. இருவருக்குமே நன்மை, எவருக்கும் இழப்பில்லை என்று கூறி இப்னு குதாமா போன்ற ஹன்பலி அறிஞர்கள் இதனை அனுமதித்தனர். இன்றைய நிறுவனங்களோ தம் பணிக்கு வெளிப்படையாகக் கூலி பெறுகின்றன. எனவே நமக்கு முன்னுள்ள கேள்வி கூலி வாங்கலாமா என்பதன்று. அந்தக் கூலி எவ்வளவு என்பது நமக்குச் சொல்லப்படுகிறதா என்பதே.

1871இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் யூனியன் தந்தி நிறுவனம் பணம் அனுப்பும் சேவையைத் தொடங்கியது. கம்பியில் பணம் ஓடவில்லை. ஓர் ஊர் அலுவலகம் பணத்தைப் பெற்றுச் செய்தி அனுப்ப, மற்றோர் ஊர் அலுவலகம் தன்னிடமிருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தது. ஸுஃப்தஜாவின் அதே முறைதான். கடிதம் மட்டும் விரைவாகிவிட்டது. "சில நிமிடங்களில்" என்று இன்று விளம்பரம் சொல்வதற்கும் இதுவே அடிப்படை. நிறுவனம் இந்திய வங்கியில் முன்கூட்டியே வைத்திருக்கும் ரூபாயிலிருந்து நம் வீட்டாருக்குப் பணம் போகிறது. நம்மூரில் உண்டியல் என்று அழைக்கப்படும் முறையும் இவ்வாறே இயங்குகிறது. ஆனால் அது இந்தியச் சட்டத்துக்குப் புறம்பானது, ரசீதும் கிடையாது. இடையிலிருப்பவர் கைவிரித்தால் முறையிட இடமில்லை.

இனி விளம்பரம் பேசாத பகுதிக்கு வருவோம். கணக்கு எளிதாக இருக்க, சந்தையில் ஒரு திர்ஹம் 23 ரூபாய் என்று கொள்வோம். "கட்டணம் இல்லை" என்று பலகை வைத்த நிறுவனம் திர்ஹத்துக்கு 22.50 ரூபாய் தருகிறது. 1,000 திர்ஹம் கொடுத்தால் ஊரில் 22,500 ரூபாய் கிடைக்கும். சந்தை விலைப்படி 23,000 கிடைத்திருக்க வேண்டும்; குறைந்த அந்த 500 ரூபாய்தான் கட்டணம். அடுத்த கடை 10 திர்ஹம் கட்டணம் கேட்டு, 22.90 விலை தருகிறது. மீதமுள்ள 990 திர்ஹத்துக்கு 22,671 ரூபாய் வருகிறது. கட்டணம் கேட்டவரே மலிவு! ஆனால் 200 திர்ஹம் மட்டும் அனுப்பினால் கணக்கு தலைகீழாகிறது: முதல் கடையில் 4,500, இரண்டாவதில் 4,351. ஆகவே பலகையைப் பார்த்து முடிவு செய்யாமல், "இந்தத் தொகையை முழுவதுமாகக் கொடுத்தால் ஊரில் எத்தனை ரூபாய் கையில் கிடைக்கும்?" என்ற ஒரே கேள்வியை இரண்டு கடைகளிலும் ஒரே நாளில் கேட்பது போதும்.

வேகத்துக்கும் ஒரு தடை உண்டு. அதை நம் குடும்பங்கள் மற்றவரைவிட மிகுதியாகச் சந்திக்கின்றன. முஹம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுத எத்தனை வழிகள்! கடவுச்சீட்டில் ஓர் எழுத்துமுறை, வங்கிப் புத்தகத்தில் வேறொன்று, தந்தை பெயர் ஓரிடத்தில் முழுமையாகவும் இன்னோரிடத்தில் முதலெழுத்தாகவும். இவை பொருந்தாதபோது பணம் நிறுத்திவைக்கப்படலாம். தடைசெய்யப்பட்டோர் பட்டியலிலுள்ள பெயரோடு நம் பெயர் ஒத்துப்போனாலும் அலுவலர் ஒருவர் சரிபார்க்கும்வரை காத்திருக்க நேரும். "நிமிடங்களில்" என்ற சொல் அப்போது நாள்களாக நீள்கிறது. பெறுபவரின் பெயரை அவருடைய வங்கிப் புத்தகத்தில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் மாறாமல் எழுதிக் கொடுத்து, ரசீதில் அப்பெயரையும் கணக்கு எண்ணையும் படித்துப் பார்த்த பின்பே கடையைவிட்டு நகரவேண்டும். பணம் வந்து சேரும்வரை ரசீதிலுள்ள பரிமாற்ற எண்ணே நம் கையிலிருக்கும் ஸுஃப்தஜா.