பன்னிரண்டின் வர்க்கமூலம்: ஷார்ப் விகிதம் ஆண்டுக்கணக்கான வரலாறு

ஒரு ஃபண்டின் மாதாந்தர ஷார்ப் விகிதத்தை √12 ஆல், அதாவது ஏறத்தாழ 3.46 ஆல் பெருக்கி ஆண்டு விகிதமாக அறிவிப்பது நிதித்துறையில் பல பத்தாண்டுகளாக இருந்துவரும் வழக்கம். இந்தப் பெருக்கல் ஷார்ப்பின் மூலக் கட்டுரையிலிருந்து வந்ததல்ல. வில்லியம் ஷார்ப் 1966இல் வெளியிட்ட ஆய்வில் 34 அமெரிக்க மியூச்சுவல் ஃபண்டுகளின் 1954 முதல் 1963 வரையிலான ஆண்டு வருவாய்களை எடுத்துக்கொண்டார். இடரற்ற வட்டிக்கு மேல் கிடைத்த சராசரி வருவாயை வருவாயின் திட்ட விலக்கத்தால் வகுத்தார். கையில் இருந்தவையே ஆண்டுக் கணக்குகள் என்பதால் மாதத்தை ஆண்டாக்கும் கேள்வி அங்கே எழவில்லை.

வர்க்கமூலத்தின் வேர் இன்னும் பழையது. பாரிஸ் பங்குச்சந்தை வட்டாரத்தைச் சேர்ந்த ஜூல் ரெஞ்ஞோ 1863இல் எழுதிய நூலில், விலைகளின் விலக்கம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளர்கிறது என்று கண்டுரைத்தார். லூயி பாஷ்லியே 1900ஆம் ஆண்டு ஆய்வேட்டில் அதற்குக் கணித உருவம் கொடுத்தார். இன்றைய விலை நகர்வுக்கு நேற்றைய நகர்வு தெரியாது என்பது இருவருக்கும் பொதுவான அடிப்படை.

அந்த அடிப்படை எங்கே வேலை செய்கிறது என்பதை இரண்டே மாதங்களைக் கூட்டிப் பார்த்தால் போதும். இரு மாத வருவாயின் சராசரி, ஒரு மாதச் சராசரியைப் போல இரு மடங்கு; இதில் எந்த நிபந்தனையும் இல்லை. மாறுபாடு, அதாவது திட்ட விலக்கத்தின் வர்க்கம், அப்படி நேராகக் கூடாது. முதல் மாத மாறுபாடு, இரண்டாம் மாத மாறுபாடு, அதோடு இரண்டும் சேர்ந்து அசைவதைக் குறிக்கும் குறுக்கு உறுப்பு என்று மூன்று பங்குகள் அதில் உண்டு. மாதங்கள் ஒன்றையொன்று சாராதவை என்றால் குறுக்கு உறுப்பு பூச்சியம். அப்போது பன்னிரண்டு மாதங்களில் சராசரி 12 மடங்காகும், திட்ட விலக்கம் √12 மடங்காகும், விகிதம் √12 மடங்கு உயரும். குறுக்கு உறுப்பு பூச்சியமல்ல என்றால் இந்தச் சங்கிலி நடுவில் அறுகிறது. எல்லை நிலையில், ஒரு மாதம் எப்படிப் போனதோ அப்படியே எல்லா மாதங்களும் போகுமென்றால், திட்ட விலக்கமும் 12 மடங்காகிவிடும். ஆண்டு விகிதம் மாத விகிதத்துக்குச் சமமாகவே நிற்கும்.

ஷார்ப் இதை அறியாதவரல்ல. 1994இல் தன் விகிதத்தை மறுபடி எடுத்து எழுதியபோது, மாதம் போன்ற குறுகிய காலத்தில் அளந்து, ஒப்பீட்டு வசதிக்காக ஆண்டுக்கணக்காக்கலாம் என்று அவரே பரிந்துரைத்தார். காலத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கும் விதியை அங்கே வருவித்தும் காட்டினார். அதே இடத்தில், கூட்டு வருவாயும் வருவாய்களுக்கிடையே இருக்கக்கூடிய தொடர்பும் நடைமுறையில் நிலைமையைச் சிக்கலாக்கும் என்ற எச்சரிக்கையும் உண்டு. விதி கணக்குத்தாள்களுக்குப் போய்ச் சேர்ந்தது. எச்சரிக்கை கட்டுரையிலேயே தங்கிவிட்டது. தினமும் சந்தையில் கைமாறும் பெரிய நிறுவனப் பங்குகளை வைத்திருந்த ஃபண்டுகளில் இதனால் பெரிய சேதம் இல்லை. மாதத்துக்கு மாதம் அவற்றின் தொடர்பு பூச்சியத்தை ஒட்டியே இருந்தது.

சிக்கல் வேறு வகைச் சொத்துகளோடு வந்தது. 1990களில் ஹெட்ஜ் ஃபண்டுகளில் பணம் குவிந்தது. எப்போதாவது மட்டும் கைமாறும் கடன் பத்திரங்கள், மாற்றத்தக்க பத்திரங்கள், நொடித்த நிறுவனங்களின் கடன்கள் போன்றவை அவற்றில் நிறைய. மாதக் கடைசியில் இவற்றுக்குச் சந்தை விலை என்று ஒன்று பெரும்பாலும் இருக்காது. தரகரிடம் விலை கேட்க வேண்டும், அல்லது கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலையையே எழுத வேண்டும். மனை மற்றும் கட்டடச் சொத்து மதிப்பீட்டில் இதே போக்கை டேவிட் கெல்ட்னர் 1990களின் தொடக்கத்திலேயே ஆராய்ந்திருந்தார். மதிப்பீட்டாளர் புதிய மதிப்பைச் சொல்லும்போது பழைய மதிப்பின் நிழல் அதில் விழுகிறது. கிளிஃபர்ட் ஆஸ்னெஸ், ராபர்ட் கிரெயில், ஜான் லியூ மூவரும் 2001இல் ஹெட்ஜ் ஃபண்ட் வருவாய்களை அதே மாதச் சந்தையோடு மட்டுமல்லாமல், முந்தைய மாதங்களின் சந்தையோடும் சேர்த்து ஒப்பிட்டார்கள். சந்தையைச் சாராதவை எனத் தோன்றிய ஃபண்டுகளின் சந்தைச் சார்பு வெகுவாக உயர்ந்தது. சந்தையின் அடி அவற்றின் கணக்கில் தாமதமாக விழுந்துகொண்டிருந்தது.

அடுத்த ஆண்டு ஆண்ட்ரூ லோ எழுதிய ‘ஷார்ப் விகிதங்களின் புள்ளியியல்’ இந்த வரலாற்றின் திருப்பம். அவர் இதற்குத் தகுந்த ஆள் என்றே சொல்ல வேண்டும். கிரெய்க் மெக்கின்லேயோடு சேர்ந்து 1988இல், அமெரிக்கப் பங்குகளின் வாராந்தரக் குறியீட்டு வருவாய்களில் தன்னொட்டுறவு இருப்பதைக் காட்டியவர் அவர். அதாவது, ஒரு தொடர் தன் முந்தைய மதிப்புகளோடு கொள்ளும் ஒட்டுறவு. அந்தக் கருவியையே 2002இல் ஷார்ப் விகிதத்தின் மேல் வைத்தார். √12 இருந்த இடத்தில் அவர் வைத்தது இது:

```
SR(ஆண்டு) = SR(மாதம்) × 12 / √(12 + 2·Σ (12 − k)·ρ_k),   k = 1 … 11
```

இங்கே ρ_k என்பது k மாத இடைவெளியில் உள்ள தன்னொட்டுறவு. ஓராண்டுக்குள் ஒரு மாத இடைவெளி கொண்ட இணைகள் 11, இரு மாத இடைவெளி கொண்டவை 10. (12 − k) அங்கிருந்து வருகிறது. எல்லா ρ_k உம் பூச்சியமானால் பழைய √12 தானே திரும்பி வரும். ஹெட்ஜ் ஃபண்டுகளின் ஆண்டு ஷார்ப் விகிதம் 65 சதவீதம் வரை மிகைப்பட்டிருக்கலாம் என்பது லோவின் முடிவு. திருத்திய பின் ஃபண்டுகளின் தரவரிசை பெரிதும் மாறியது என்பதே அதைவிட முக்கியமானது. எல்லாம் ஒரே அளவில் உப்பியிருந்தால் வரிசை கலைந்திருக்காது.

மாத வருவாய்களுக்கிடையே இந்தத் தொடர்பு எங்கிருந்து வருகிறது? மிலா கெட்மான்ஸ்கி, லோ, இகோர் மகரோவ் மூவரும் 2004இல் பல சாத்தியங்களை வரிசையாகச் சோதித்தார்கள். எதிர்பார்ப்பு வருவாய் காலத்தோடு மாறுவது, கடன் வாங்கி முதலிடும் அளவு மாறுவது, மேலாளருக்கான ஊக்கக் கட்டண முறை ஆகிய எதுவும் கண்ட அளவுத் தொடர்பை உண்டாக்கப் போதவில்லை. எளிதில் விற்க முடியாத சொத்தும், அதனால் மழுங்கும் வருவாயுமே காரணம் என்று முடிவு செய்தார்கள். அவர்களின் மாதிரியில், அறிவிக்கப்படும் வருவாய் இம்மாத உண்மை வருவாயில் ஒரு பங்கு, போன மாதத்ததில் ஒரு பங்கு, அதற்கு முந்தையதில் ஒரு பங்கு. மூன்று பங்குகளும் சேர்ந்தால் ஒன்று.

நான் எடுத்துக்கொள்ளும் ஒரு கற்பனை ஃபண்டில் இதை எண்களாகப் பார்க்கலாம். பங்குகள் 0.5, 0.3, 0.2 என்க. ஒரு மாதத்தில் சொத்து உண்மையில் 10 சதவீதம் விழுந்தால், கணக்கில் முதல் மாதம் 5, அடுத்த மாதம் 3, மூன்றாம் மாதம் 2 சதவீதம் என்று விழும். மொத்த நட்டம் ஏறக்குறைய அதேதான், ஒரு காசும் மறையவில்லை. ஆனால் பத்து என்ற எண் எந்த மாத அறிக்கையிலும் இல்லை.

உண்மை மாத வருவாய்கள் ஒன்றையொன்று சாராதவை, வட்டிக்கு மேற்பட்ட சராசரி 0.6 சதவீதம், திட்ட விலக்கம் 2 சதவீதம் என்று கொள்வோம். உண்மை மாத விகிதம் 0.30; √12 ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 1.04. மாதங்களுக்கிடையே தொடர்பில்லாததால் இந்தப் பெருக்கல் சரியானதே.

இனி முதலீட்டாளர் கண்ணில் படும் தொடரைப் பார்ப்போம். சராசரி மாறாமல் 0.6. திட்ட விலக்கமோ பங்குகளின் வர்க்கங்களைக் கூட்டி (0.25 + 0.09 + 0.04 = 0.38) அதன் வர்க்கமூலத்தால் பெருக்கியது, அதாவது 2 × 0.616 = 1.23 சதவீதம். மாத விகிதம் 0.49ஆக ஏறிவிட்டது. இதை √12 ஆல் பெருக்கினால் 1.69. மேலாளர் எந்தத் திறமையும் கூடுதலாகக் காட்டவில்லை; விலை எழுதிய விதம் மட்டுமே 1.04ஐ 1.69 ஆக்கியிருக்கிறது.

லோவின் வாய்பாட்டை இதே தொடரில் போட்டால், ஒரு மாத இடைவெளித் தன்னொட்டுறவு 0.21 ÷ 0.38 = 0.553, இரு மாத இடைவெளிக்கு 0.10 ÷ 0.38 = 0.263, அதற்கு மேல் பூச்சியம். மூலக்குறிக்குள் 12 + 2 × (11 × 0.553 + 10 × 0.263) = 29.4. அதன் வர்க்கமூலம் 5.42. பெருக்கும் எண் 12 ÷ 5.42 = 2.21, 3.46 அல்ல. ஆண்டு விகிதம் 0.487 × 2.21 = 1.08. இது உண்மையான 1.04ஐ ஏறக்குறைய தொட்டுவிட்டது. எஞ்சிய 0.04 வாய்பாட்டின் பிழையல்ல. நவம்பர், டிசம்பர் அடிகளின் ஒரு பகுதி அடுத்த ஆண்டின் கணக்கில் விழுகிறது, முந்தைய ஆண்டின் மிச்சம் இந்த ஆண்டில் வந்து சேர்கிறது. இந்த ஓரக் கலப்பால் ஆண்டுத் தொகையின் திட்ட விலக்கமும் சிறிது மழுங்கியே இருக்கிறது.

பிழை எப்போதும் ஒரே பக்கம் போகும் என்று நினைக்க வேண்டாம். ஒரு மாத ஏற்றத்தின் ஒரு பகுதியை அடுத்த மாத இறக்கம் தின்றுவிடும் வகை முதலீட்டு முறைகளில் தன்னொட்டுறவு எதிர்மறையாக இருக்கும். அடுத்தடுத்த மாதத் தொடர்பு −0.2 ஆகவும், தூரம் கூடக்கூட அதன் அடுக்குகளாகத் தேய்ந்தும் போனால், பெருக்கும் எண் 4.17. அங்கே √12 ஃபண்டைக் குறைத்துக் காட்டுகிறது. இந்தப் பக்கத்துக் குறையைப் பற்றி இலக்கியத்தில் பேச்சு குறைவு என்பதில் வியப்பில்லை. தன்னைக் குறைத்துக் காட்டும் ஃபண்டைப் பார்த்து யாரும் பதறுவதில்லை.

திருத்தத்துக்கும் ஒரு விலை உண்டு. மேலே தன்னொட்டுறவுகள் நமக்கு முன்பே தெரிந்திருந்தன. நிஜத்தில் அவற்றைத் தரவிலிருந்து மதிப்பிட வேண்டும். உண்மையில் தொடர்பே இல்லாத தொடரில்கூட, மதிப்பீட்டின் திட்டப் பிழை மாத எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் 1ஐ வகுத்த அளவு இருக்கும். 60 மாதத் தரவில் அது 0.13. ஆகவே 0.55 கிடைத்தால் உறுதியாகப் பேசலாம். 0.15 கிடைத்தால் அது தற்செயலா, மழுங்கலா என்று சொல்ல முடியாது. 36 மாதம் மட்டுமே இயங்கிய ஃபண்டில் நிலைமை இன்னும் மோசம். பதினொரு தன்னொட்டுறவுகளையும் மதிப்பிட்டு வாய்பாட்டில் போட்டால், ஒவ்வொன்றின் இரைச்சலும் 11, 10, 9 என்ற எடைகளோடு கூடிவிடும். சிறிய மாதிரியில் இந்த மதிப்பீடுகள் உண்மையைவிடச் சற்றுத் தாழ்ந்தே வருவதால், மழுங்கலின் ஒரு பகுதி திருத்தத்துக்குத் தப்பியும் போகும். என் பார்வையில், சொத்து எத்தனை மாதம் தாமதமாக விலை பெறும் என்பதை முதலில் கேட்டறிந்து, அந்த இரண்டு மூன்று இடைவெளிகளை மட்டும் கணக்கில் சேர்ப்பதே பொறுப்பான வழி.

இன்னொரு குறை 2008இல் வெளிப்பட்டது. லோவின் வாய்பாடு ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒன்றுபோல நடத்துகிறது. நிக்கோலஸ் போலனும் வெரோனிகா பூலும் அவ்வாண்டு வெளியிட்ட ஆய்வு, லாபத்தை உடனே எழுதி நட்டத்தை மட்டும் தள்ளிப்போடும் ஃபண்டுகளைத் தேடியது. அப்படிப்பட்ட தொடரில் நல்ல மாதத்துக்குப் பிறகு தொடர்பு இராது. மோசமான மாதத்துக்குப் பிறகு மட்டும் இருக்கும். இரண்டையும் கலந்து ஒரே ρ ஆக எடுத்தால் பாதி தொடர்பு சராசரியில் கரைந்துபோகும், ஃபண்ட் சாதாரணமாகவே தெரியும். அதனால் அவர்கள் மாதங்களை இரண்டாகப் பிரித்து, நட்டத்துக்குப் பின் வரும் தொடர்பைத் தனியாக அளந்தார்கள். ஷார்ப் விகிதத்தைத் திருத்தப் பிறந்த அளவுகோல் அங்கே மோசடியைத் தேடும் சோதனையாக மாறியது.