பொறாமைப் பாடல் கைகழுவக் கற்பித்த கதை

2020 பிப்ரவரியில் வியட்நாம் சுகாதார அமைச்சகத்தின் கீழுள்ள ஒரு நிறுவனம் 'கென் கோ வி' என்னும் பாடலை வெளியிட்டது. அதன் மெட்டு புதியதன்று. இசையமைப்பாளர் கக் ஹுங் 2017இல் உருவாக்கிய 'கென்' என்ற காதற்பாடலுக்கு, அவரே புதிய வரிகளை எழுதினார். 'கென்' என்றால் பொறாமை.

புதுமை பெயரில் இருந்தது. வியட்நாமிய மொழியில் 'கோ' என்பது இளம்பெண்ணின் பெயருக்கு முன் வரும் விளிச்சொல், 'வி' பெண்பெயர். இரண்டும் சேர்ந்தால் 'கோவிட்' என்பதன் ஒலி கேட்கும். அந்நோய்க்குப் பெயர் சூட்டப்பட்டது பிப்ரவரி 11இல். அம்மாதம் முடியுமுன்பே அது காதற்கதையில் குறுக்கிடும் பெண்ணாகிவிட்டது. கேட்போர் முதலில் சிரித்தனர். அறிவுரை அதன்பின் வந்தது. நோயைப் பெண்ணாக்கிய இந்நகைச்சுவை பழைய பாலினப் படிமத்தையே நாடியது என்பதையும் சொல்லவேண்டும்.

இச்சிலேடை மொழிபெயர்ப்பில் நிற்காது. ஆயினும் பாடல் எல்லை கடந்தது. நடனக் கலைஞர் குவாங் டாங், உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், விரல்நுனி எனக் கைகழுவும் அசைவுகளை நடனமாக்கி டிக்டாக்கில் பரப்பினார். மொழி அறியாதவரும் அதை ஆடினர்.

நடனம் கற்பித்தது அசைவுகளின் வரிசையை மட்டுமே. சோப்பும் ஓடும் நீரும் அதில் இல்லை. ஆகவே, பார்வை எண்ணிக்கையைக் கொண்டு கைகள் கழுவப்பட்டன என்று வரலாறு எழுத இயலாது.