ஒரே ஏழு, இரண்டு பார்வைகள்

கையால் எழுதிய எண்களைக் கணினிக்குப் படிக்கக் கற்றுத்தருவதில் இரண்டு வழிகளை ஒப்பிட வேண்டுமானால், 1998-இல் யான் லெகுன், லியோன் போத்தூ, யோஷுவா பெஞ்சியோ, பாட்ரிக் ஹாஃப்னர் ஆகிய நால்வர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையைவிட நல்ல களம் கிடையாது. ஒரே குழு, ஒரே எண்படத் தொகுப்பு. அதில் பல முறைகளை வரிசையாக நிறுத்திச் சோதித்தார்கள். எம்னிஸ்ட் எனப்படும் அந்தத் தொகுப்பில் பயிற்சிக்கு 60,000 படங்கள், தேர்வுக்கு 10,000 படங்கள். ஒவ்வொன்றும் 28-க்கு 28 பிக்சல். எழுதியவர்களில் ஒரு பகுதியினர் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஊழியர்கள், மறுபகுதியினர் பள்ளி மாணவர்கள். மாணவர்களின் கையெழுத்துத்தான் வாசிக்கக் கடினம் என்பதை அந்தக் கட்டுரையும் ஒப்புக்கொள்கிறது.

அந்த வரிசையிலிருந்து இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, 300 மறை நியூரான்கள் கொண்ட முழு இணைப்பு வலை. தேர்வில் அதன் பிழை 4.7 விழுக்காடு, அதாவது 10,000-இல் சுமார் 470 எண்களைத் தவறாகப் படித்தது. மற்றொன்று லெநெட்-5 என்னும் கன்வல்யூஷன் வலை. அது தவறவிட்டது சுமார் 95. இதில் வியப்பு என்னவென்றால், தோற்ற வலையின் கையில்தான் சரக்கு அதிகம். அதன் எடைகள் 2,38,510. லெநெட்-5-இன் எடைகள் வெறும் 60,000.

முழு இணைப்பு வலை எப்படிப் பார்க்கிறது? முதலில் 784 பிக்சல்களையும் ஒரே நீளமான வரிசையாக உருவிப் போட்டுவிடுகிறது. பிறகு ஒவ்வொரு மறை நியூரானும் ஒவ்வொரு பிக்சலுக்கும் தனியாக ஓர் எடை வைத்திருக்கிறது. பத்தாவது வரி, பன்னிரண்டாம் கட்டத்தில் மை இருந்தால் இவ்வளவு கூட்டு, அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் இருந்தால் இவ்வளவு கழி என்பதுதான் அதன் கணக்கு. அந்த இரண்டு கட்டங்களும் அடுத்தடுத்தவை என்ற செய்தி அதற்கு எங்கும் சொல்லப்படவில்லை.

இதை ஒரு சின்னச் சோதனையால் காட்டிவிடலாம். எல்லாப் படங்களிலும் பிக்சல்களை ஒரே விதிப்படி கலைத்துப் போடுங்கள். முதல் கட்டம் 400-ஆம் இடத்துக்கு, இரண்டாம் கட்டம் 31-ஆம் இடத்துக்கு என்று ஒரு முறை முடிவுசெய்துவிட்டு, அதையே 70,000 படங்களுக்கும் செய்யுங்கள். நம் கண்ணுக்கு அது வெறும் புள்ளிச் சிதறல். முழு இணைப்பு வலையைப் புதிதாக இந்தப் படங்களில் பயிற்றுவித்தாலோ, முன்பு போலவே கற்றுக்கொள்ளும். அதற்கு ஒன்றும் மாறவில்லை. கன்வல்யூஷன் வலை இதே இடத்தில் தன் மேன்மையை இழந்துவிடும். அண்டை என்ற ஒன்றை நம்பித்தான் அது கட்டப்பட்டிருக்கிறது.

இப்போது ஓர் ஏழை எடுத்துக்கொள்வோம். மேலே ஒரு கிடைக்கோடு, அதன் வலது முனையிலிருந்து சரிந்து இறங்கும் ஒரு கோடு. எழுதியவர் அதை மூன்று பிக்சல் வலப்பக்கம் தள்ளி எழுதியிருந்தால்? கோட்டின் தடிமனே இரண்டு மூன்று பிக்சல்தான். ஆகவே சரிந்த கோட்டின் மை ஏறக்குறைய முழுவதும் வேறு கட்டங்களில் விழுகிறது. முழு இணைப்பு வலைக்கு அது முன்பின் தெரியாத படம். இடப்பக்க ஏழிலிருந்து கற்ற பாடம் வலப்பக்க ஏழுக்கு அதிகம் உதவாது. இரண்டையும் தனித்தனியே பார்த்துக் கற்க வேண்டும். எம்னிஸ்டில் ஒவ்வொரு எண்ணையும் அதன் எடைமையம் நடுவில் வரும்படி முன்கூட்டியே நகர்த்தி வைத்திருக்கிறார்கள் என்பதால்தான் இந்த வலை அந்த அளவுக்காவது தேறுகிறது. அஞ்சல் உறையில் எழுதுகிறவர் அப்படி அளந்து எழுதுவதில்லை.

லெநெட்-5 படத்தை உருவிப் போடுவதில்லை. ஒரு சிறிய சதுரச் சட்டத்தைப் படத்தின் மேல் ஒவ்வொரு பிக்சலாக நகர்த்திப் பார்க்கிறது. இந்தச் சட்டத்துக்கு வடிகட்டி என்று பெயர். லெநெட்டில் அது 5-க்கு 5 கட்டம். கணக்குப் போட்டுப் பார்க்க 3-க்கு 3 போதும்:

```
-1 -1 -1
 0  0  0
 1  1  1
```

மை இருக்கும் பிக்சலுக்கு 1, வெறும் தாளுக்கு 0 என்று வைப்போம். வடிகட்டியின் ஒவ்வோர் எண்ணையும் அதன் கீழே இருக்கும் பிக்சலால் பெருக்கி எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். ஏழின் கிடைக்கோட்டு மேல்விளிம்பில் இது நிற்கும்போது மேல்வரி தாள், நடுவரியும் கீழ்வரியும் மை. விடை 3. கோட்டின் கீழ்விளிம்புக்கு வந்தால் மேல்வரி மை, கீழ்வரி தாள், விடை -3. வெறும் தாளில் 0. முழுவதும் மை நிறைந்த இடத்திலும் 3-உம் -3-உம் அடிபட்டு 0. நெட்டுக்குத்தான ஒரு கோட்டின் ஓரத்தில் வைத்தால், மேல்வரியிலும் கீழ்வரியிலும் ஒரே அளவு மை இருப்பதால் அங்கும் 0. ஆக, ஒன்பதே எண்களைக் கொண்ட இந்தச் சட்டம் ‘மேலே தாள், கீழே மை’ என்ற ஒன்றை மட்டும் பார்த்துச் சொல்கிறது. அதைப் படத்தின் எந்த மூலையிலும் சொல்லும். ஏழு மூன்று பிக்சல் தள்ளி நின்றால், விடையும் மூன்று பிக்சல் தள்ளி வரும், அவ்வளவுதான்.

லெநெட்-5-இன் முதல் அடுக்கில் இப்படி ஆறு வடிகட்டிகள். ஒவ்வொன்றுக்கும் 25 எடைகளும் ஒரு சார்பெண்ணும் சேர்த்து மொத்தம் 156 எண்கள். இந்த 156-ஐக் கொண்டு 4,704 விடைகள் கிடைக்கின்றன. அதே 4,704 விடைகளை முழு இணைப்பு முறையில் பெற வேண்டுமானால் சுமார் 48 லட்சம் எடைகள் தேவைப்படும்.

அடுத்த அடுக்கு நான்கு நான்கு விடைகளைச் சேர்த்து ஒன்றாக்குகிறது. படம் பாதியாகச் சுருங்குகிறது. விளிம்பு ஒரு பிக்சல் இப்படி அப்படி நகர்ந்தாலும் பாதி வேளைகளில் அதே நால்வர் கூட்டத்துக்குள்தான் இருக்கும். ‘விளிம்பு இந்தப் பக்கம் இருக்கிறது’ என்பது தங்கி, ‘சரியாக எந்தக் கட்டத்தில்’ என்பது நழுவுகிறது. வேண்டுமென்றே செய்யும் மறதி இது. இன்று இந்த வேலையைப் பெரும்பாலும் நான்கில் பெரியதை மட்டும் எடுத்துச் செய்கிறார்கள்; லெநெட் கூட்டி எடுத்தது.

அடுக்குக்கு அடுக்கு என்ன நடக்கிறது என்பதை நியூரான் பார்க்கும் சாளரத்தின் அளவை வைத்துப் புரிந்துகொள்வது எளிது. முதல் அடுக்கின் நியூரான் 5-க்கு 5 பிக்சலை மட்டும் பார்க்கிறது. அவ்வளவு சிறிய ஓட்டையில் ஒரு கோட்டின் ஓரம்தான் தெரியும். அது ஏழின் ஓரமா ஐந்தின் ஓரமா என்று தெரியாது. சுருக்கிய பிறகு வரும் இரண்டாம் கன்வல்யூஷன் அடுக்கின் நியூரான், முதல் அடுக்கின் விடைகள் வழியாக 14-க்கு 14 பிக்சலைப் பார்க்கிறது. இப்போது ‘மேலே கிடைவிளிம்பு, அதன் வலது முனைக்குக் கீழே சரிவு’ என்ற சேர்க்கை ஒரே சாளரத்துக்குள் வந்துவிடும். அதுதான் ஏழின் முழங்கை. ஒன்பதின் மேல் வளையம் மூடியிருக்கிறதா, நான்கின் தலைபோலத் திறந்திருக்கிறதா என்பதும் இந்த அளவில்தான் தெரியும். அதற்கடுத்த அடுக்கின் சாளரம் 32-க்கு 32. லெநெட் படத்தைச் சுற்றி ஓரம் சேர்த்து 32 ஆக்கிக்கொள்வதால், அதுவே முழுப் படம்.

எடைகளின் பங்கீட்டையும் பார்க்க வேண்டும். விளிம்பையும் முழங்கையையும் வளைவையும் பார்க்கும் முன்பகுதி முழுவதற்கும் செலவானது 1,716 எடைகள். மீதி 58,284 எடைகளும் கடைசியில், ‘இன்னின்ன உறுப்புகள் இன்னின்ன இடத்தில் இருந்தால் ஏழு’ என்று தீர்ப்புச் சொல்லும் அடுக்குகளில் இருக்கின்றன. அவை நடைமுறையில் முழு இணைப்பு அடுக்குகளே. அதாவது இங்கே எதிரெதிராக நிறுத்திய இரண்டில் ஒன்று மற்றதன் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது. கன்வல்யூஷன் வலை அதற்குப் பிக்சலுக்குப் பதில் உறுப்புகளைப் பிரித்துக் கொடுக்கிறது.

‘முதல் அடுக்கு விளிம்பு, இரண்டாவது மூலை, மூன்றாவது வடிவம்’ என்று பாடநூல்கள் படம் போட்டுக் காட்டுவதை நான் பாதிதான் நம்புவேன். மேலே நான் எழுதிய -1, 0, 1 வடிகட்டி கையால் செய்தது. பயிற்சியில் தானாக உருவாகும் வடிகட்டிகளைத் திறந்து பார்த்தால், சில சாய்வான விளிம்பைப் பார்ப்பது புரியும். சில ஒரு மங்கலான திட்டு. சிலவற்றுக்கு நாம் பெயரே வைக்க முடியாது. யாரும் அவற்றிடம் விளிம்பைத் தேடச் சொல்லவில்லை. பிழையைக் குறை என்று மட்டுமே சொன்னார்கள். ஆனால் முழு இணைப்பு வலையின் முதல் அடுக்கு எடைகளைப் படமாக விரித்துப் பார்த்தவர்களுக்கு வேறுபாடு உடனே தெரியும். அங்கே பெரும்பாலும் கண்டது ஒரு புள்ளிச் சிதறல், நடுவில் மங்கலாக ஏதோ எண்ணின் ஆவி போன்ற தோற்றம். விளிம்பு என்று சுட்டிக்காட்ட எதுவும் அகப்படுவது அரிது.

அதற்காக முழு இணைப்பு வலையைத் தள்ளிவைப்பதும் நியாயமாகாது. அதே 1998 கட்டுரையில், எண்களின் சாய்வை நிமிர்த்திக் கொடுத்தவுடன் 300 நியூரான் வலையின் பிழை 1.6 விழுக்காடாக இறங்கியது. 2010-இல் டான் சிரேசன் குழுவினர் கன்வல்யூஷனே இல்லாமல், ஐந்து மறை அடுக்குகளும் சுமார் 1.2 கோடி எடைகளும் கொண்ட முழு இணைப்பு வலையைக் கிராபிக்ஸ் கார்டில் பயிற்றுவித்து 0.35 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தார்கள். லெநெட்-5-ஐத் தாண்டிய எண் அது. ஆனால் அதற்காக அவர்கள் பயிற்சிப் படங்களை இடைவிடாமல் சற்றே திருப்பி, நீட்டி, நெளித்துப் புதிது புதிதாக ஊட்ட வேண்டியிருந்தது. நகர்ந்த ஏழும் ஏழுதான் என்பதை ஒரு வலை தன் இணைப்பின் அமைப்பிலேயே பெற்றிருக்கிறது. மற்றது ஒவ்வொரு நகர்வையும் படமாகப் பார்த்துப் பார்த்து விலை கொடுத்து வாங்குகிறது.

இரண்டும் ஒன்றுபோல் விழும் குழி ஒன்று உண்டு. எம்னிஸ்டில் பயிற்றுவித்த வலையிடம் வெள்ளைத் தாளில் கருப்புப் பேனாவால் எழுதிய எண்ணைப் படமெடுத்துக் கொடுத்தால், கண்ணுக்குத் தெளிவான ஏழையும் தவறாகப் படிக்கும். தவறான விடையையும் உறுதியோடு சொல்லும். எம்னிஸ்டில் பின்னணிக்கு 0, மைக்கு 255 வரை. கேமரா படத்தில் தாள்தான் 255-ஐ ஒட்டி இருக்கும். நம் வடிகட்டியை அந்தப் படத்தின் கிடைக்கோட்டு மேல்விளிம்பில் வைத்துப் பாருங்கள்: மேல்வரி 1, மற்ற இரண்டும் 0, விடை -3. மேல்விளிம்பு கீழ்விளிம்பாகத் தலைகீழாகிவிட்டது. அதன்மேல் கட்டிய முழங்கையும் வளைவும் பிறகு எங்கிருந்து வரும்? சந்தேகம் வந்தால் மூலைப் பிக்சலை அச்சிட்டுப் பார்த்தால் போதும். 0-க்குப் பதில் 255-ஐ ஒட்டிய எண் வந்தால், ஒரு வரியில் சரியாகிவிடும்:

```
print(x[0, 0])
x = 255 - x
```