குளிசைக்கு முன்பே வந்த ஊசி

விறைப்புக் குளிசை பலிக்கவில்லை என்று போனால், வைத்தியர் அடுத்ததாக ஊசியைப் பற்றிப் பேசுவார். வரலாற்றிலோ வரிசை தலைகீழ். நீலக் குளிசை விற்பனைக்கு வந்தது 1998இல். ஊசி அதற்குப் பதினாறு வருடம் மூத்தது.

அதன் பூர்வீகம் அபின். 1848இல் மருந்து வியாபாரக் குடும்பத்துப் பிள்ளையான கேயோர்க் மெர்க் ஜெர்மனியில் அபினிலிருந்து பப்பாவரினைப் பிரித்தெடுத்தார். அதில் போதை இல்லை. இறுகிய இரத்தக்குழாய்களைத் தளர்த்தத்தான் உதவியது. நூற்றாண்டுக்கு மேல் கழிந்து, பாரிஸில் ரொனால்ட் விராக் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு நோயாளியின் குழாயைத் தளர்த்த அதைச் செலுத்தினார். மருந்து எதிர்பாராத இடத்துக்குப் போக, மயக்கத்தில் கிடந்தவருக்கு விறைப்பு வந்துவிட்டது! விராக் அதை 1982இல் லான்செட் இதழில் எழுதினார்.

அடுத்த வருடம் லாஸ் வேகாஸில் யூரோலஜி மாநாடு. இங்கிலாந்தின் கைல்ஸ் பிரிண்ட்லி ஹோட்டல் அறையிலேயே தனக்கு ஊசி போட்டுக்கொண்டு மேடையேறி, காற்சட்டையை இறக்கிச் சபைக்குச் சான்று காட்டினார். அப்படி ஒரு ஆய்வுரையை அந்தச் சபை அதற்கு முன் கண்டிருக்காது.

பிறகு அல்ப்ரோஸ்டடில் வந்தது. பிறவி இதயக் கோளாறுள்ள சிசுக்களின் ஒரு குழாய் மூடிவிடாமல் காக்கவும் இதே மருந்துதான். 1995இல் இதன் ஊசிக்கும், மறுவருடம் சிறுநீர்வழிக்குள் வைக்கும் அரிசிமணி அளவான மருந்துக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மூன்று மருந்துகளைக் கலந்து சில மருந்தகங்கள் தயாரிக்கும் ‘ட்ரைமிக்ஸ்’ இவற்றின் மலிவான ஒன்றுவிட்ட தம்பி.

குளிசை தோற்ற இடத்தில் இவை எப்படி வெல்கின்றன? குளிசை தானாக விறைப்பைத் தருவதில்லை. நரம்பு அனுப்பும் செய்தி சீக்கிரம் அழியாமல் காக்கிறது, அவ்வளவே. நீண்டகால நீரிழிவிலோ, புரொஸ்டேட் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்குப் பிறகோ அந்தச் செய்தியே வராமல் போகலாம். அல்ப்ரோஸ்டடில் நரம்புக்குக் காத்திராமல் தசையை நேரே தளர்த்துகிறது.

மணிமருந்துக்கு முதலில் சிறுநீர் கழிக்கவேண்டும், எஞ்சிய ஈரத்தில்தான் அது கரையும். பிறகு உறுப்பைக் கைகளுக்கிடையே உருட்டி, சற்று நடக்கவேண்டும். ஊசிப் பயம் இல்லை. ஆனால் எரிவு உண்டு, பலனும் ஊசியைவிடக் குறைவு.

ஊசியின் முதல் அளவை வைத்தியர் முன்னாலேயே, பெரும்பாலும் 2.5 மைக்ரோகிராமில் தொடங்குவார்கள். மெல்லிய ஊசி, உறுப்பின் பக்கவாட்டில். மேற்புறத்தில் நரம்பும் கீழ்ப்புறத்தில் சிறுநீர்வழியும் இருப்பதால் இரண்டும் ஆகாது. எடுத்தபின் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிக்கவேண்டும். 24 மணித்தியாலத்துக்கு ஒன்று, வாரத்துக்கு மூன்று, அதற்கு மேல் வேண்டாம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் தழும்பு விழுந்து உறுப்பு வளையலாம்.

விறைப்பு நான்கு மணித்தியாலத்துக்கு மேல் அடங்காவிட்டால், உள்ளே தேங்கிய இரத்தத்தில் ஒட்சிசன் தீர்ந்து தசை சாகத் தொடங்கும். வைத்தியசாலையில் இரத்தத்தை உறிஞ்சியெடுத்து, குழாயைச் சுருக்கும் மருந்தைச் செலுத்துவார்கள். ஆகவே பெரிய வைத்தியசாலைக்குத் தூரமான வெருகல் போன்ற ஊரில் இருப்பவர், நடுச்சாமத்தில் திருகோணமலைக்கோ மட்டக்களப்புக்கோ எந்த வாகனத்தில் போவது என்பதை முதல் ஊசிக்கு முன்பே பேசி வைத்திருப்பது நல்லது. வெட்கத்தில் விடியும்வரை பொறுத்திருப்பவர்களுக்குத்தான் நிரந்தரச் சேதம் வருகிறது.