கரப்பான் பூச்சிக்கு ஜெல்லா, ஸ்பிரேயா? தவழும் குழந்தையும் பூனையும் இருக்கும் வீட்டில் எது பாதுகாப்பு?

பூந்தமல்லியை அடுத்த குன்றத்தூரில் 2024 நவம்பரில், வீட்டுக்குள் வைக்கப்பட்ட எலி மருந்தின் நெடியால் இரண்டு குழந்தைகள் உயிரிழந்தனர். கதவை மூடி ஏசி போட்டுத் தூங்கிய குடும்பம் அது. அதன்பிறகு அம்பத்தூர், ஆவடி பக்கம் பூச்சி மருந்து என்றாலே பலருக்கும் பயம்தான். ஆனால் கரப்பானுக்கான ஜெல், அந்த எலி மருந்து போல விஷவாயுவை வெளியிடாது. இதில் ஆபத்து, குழந்தையின் கை எட்டும் இடத்தில் வைப்பதில்தான் இருக்கிறது.

ஸ்பிரேயின் கதை வேறு. அடித்ததும் கண்ணெதிரே இருக்கும் கரப்பான் சாகும். இடுக்கில் இருப்பவை தப்பிவிடும். மருந்தோ தரையிலும் மேடையிலும் படியும். தவழும் குழந்தை அந்தக் கையை வாயில் வைக்கும், பூனை தன் காலை நக்கும். இந்த ஸ்பிரேக்களில் பெரும்பாலும் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்தை பூனையின் உடலால் எளிதில் முறிக்க முடியாது. வீட்டில் மீன் தொட்டி இருந்தால் இன்னும் மோசம்.

ஜெல்லில் ஃபிப்ரோனில் 0.05% அல்லது இமிடாகுளோபிரிட் 2.15% என்று அட்டையில் இருக்கும். அதைத் தின்ற கரப்பான் உடனே சாகாமல் இடுக்குக்குத் திரும்பும். அதன் எச்சத்தையும் உடலையும் தின்னும் மற்றவையும் சாகும்.

பத்து மாதக் குழந்தையும் ஒரு பூனையும் இருக்கும் அப்பார்ட்மென்ட் கிச்சன் என்று வைத்துக்கொள்வோம். மேல் அலமாரிக் கதவின் கீல் ஓரம், சிங்க்குக்கு மேலே டைல்ஸ் வெடிப்பு, எக்ஸாஸ்ட் ஃபேன் சட்டத்தின் இடுக்கு. இங்கெல்லாம் மிளகு அளவு சொட்டு போதும். கீழ் அலமாரிக்குள் வைத்தால் கதவுக்குப் பூட்டு அவசியம். ஃபிரிட்ஜுக்கு அடியில் வேண்டாம், பூனையின் கால் அங்கே போகும். டப்பா வடிவ பெய்ட் குழந்தைக்குத் தடையாக இருக்கும், ஆனால் நாய் கடித்து உடைத்துவிடும். போரிக் பவுடரைச் சர்க்கரையோடு பிசைந்த உருண்டையும், கரப்பான் சாக்பீஸும் இந்த வீட்டுக்கு ஆகவே ஆகாது. ஒன்று மிட்டாய் போல இருக்கும், மற்றொன்றை குழந்தை நிஜ சாக்பீஸ் என்றே எடுக்கும்.

பலர் சறுக்குவது இங்கேதான்: ஜெல் வைத்த மறுநாள் கரப்பானைப் பார்த்ததும் அதே இடத்தில் ஸ்பிரே அடிக்கிறார்கள். அந்த வாடைக்கு கரப்பான் ஜெல் பக்கமே வராது. ஓரிரு வாரம் பொறுக்க வேண்டும். பெண் கரப்பான் சுமக்கும் முட்டைக்கூட்டிலிருந்து குஞ்சுகள் பிறகுதான் வரும் என்பதால், சொட்டு காய்ந்திருந்தால் மூன்றாவது வாரம் புதிதாக வைக்க வேண்டும். சொட்டு அப்படியே இருந்து கரப்பானும் குறையவில்லை என்றால், இரவில் எச்சில் தட்டு சிங்க்கில் கிடக்கிறதா என்று பாருங்கள்.

மழைக்காலத்தில் பாத்ரூம் வழியே வரும் பெரிய கரப்பான்கள் சாக்கடையிலிருந்து வருபவை. அதற்கு ஜெல்லைவிட, தண்ணீர் போகும் ஓட்டைக்கு நெருக்கமான ஜாலி போடுவதே வழி.

குழந்தை ஜெல்லை வாயில் வைத்துவிட்டால் ஈரத்துணியால் வாயைத் துடையுங்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்து அட்டையை கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மயக்கமோ வலிப்போ வந்தால் 108.