பாக்கித் தொகை இடிக்குதா? லெட்ஜர் நகலை எப்படிக் கேட்பது?

"மார்ச் 31 நிலவரப்படி ரூ.48,600 பாக்கி. கையெழுத்து போட்டு அனுப்புங்க" என்று ஒரு ஹார்டுவேர் கடைக்கு சப்ளையரிடமிருந்து கடிதம் வருகிறது என வைத்துக்கொள்வோம். கடைக் கணக்கிலோ ரூ.41,500தான். ரூ.7,100 இடிக்கிறது.

அவசரப்பட்டு கையெழுத்து போடக் கூடாது. சரக்குக் கடனுக்கு வழக்கு போட பொதுவாக 3 ஆண்டுதான் கெடு. கெடு முடியும் முன் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு ஓடும்.

சப்ளையரின் ஆடிட்டரிடம் நேரடியாகக் கேட்டால் கிடைக்காது. வாடிக்கையாளர் சம்மதம் இல்லாமல் அவர் கணக்கை வெளியே தரக் கூடாது. சப்ளையருக்கே இப்படி மெயில் போடலாம்: "சார், ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை எங்க லெட்ஜர் நகலை, தொடக்க இருப்பு, வவுச்சர் எண்ணோட அனுப்புங்க." கடையின் லெட்ஜரை சொந்தக் கணக்காளரிடம் வாங்கிக்கொள்ளலாம்.

முதலில் தொடக்க இருப்பைப் பார்க்கணும். அதுவே வேறாக இருந்தால் சிக்கல் முந்தைய ஆண்டுகளில் இருக்கிறது. இங்கே அது சரி. பிறகு ஒவ்வொரு வரியாக டிக் அடிக்கணும். கடையில் பற்றாக இருப்பது சப்ளையரிடம் வரவாக இருக்கும். டிக் ஆகாமல் நின்றவை இரண்டு: திருப்பி அனுப்பிய ரூ.5,900 சரக்குக்கு அங்கே கிரெடிட் நோட் பதிவாகவில்லை, ரூ.1,200 லாரி வாடகை இங்கே ஏறவில்லை.

முதலாவதுக்கு, சரக்கு திரும்பியதற்கான சலான் நகலை அனுப்பினால் போதும். வாடகை யார் பொறுப்பு என்பது பர்ச்சேஸ் ஆர்டரில் இருக்கும்.