திரேக்காணம்

திரேக்காணம் என்பது 30 பாகை கொண்ட ஒரு ராசியைப் பத்துப் பத்துப் பாகையாக மூன்றாகப் பிரித்தால் கிடைக்கும் பகுதி. 12 ராசிகளுக்கும் சேர்த்து 36 திரேக்காணங்கள். சொல் தமிழும் அன்று, அடிப்படையில் வடமொழியும் அன்று. பத்து என்னும் எண்ணிலிருந்து பிறந்த 'தெக்கானோஸ்' என்ற கிரேக்கச் சொல்லே வடமொழியில் திரேக்காணம், திரேஷ்காணம் எனப் பலவாறு திரிந்து தமிழுக்கு வந்தது. கிரேக்கர்களுக்கு இது எகிப்திலிருந்து கிடைத்தது. எகிப்தியர் 36 விண்மீன் கூட்டங்களைக் கொண்டு இரவில் நேரம் கணித்தனர். ஏறத்தாழ பத்து நாளுக்கு ஒரு கூட்டம் விடியலுக்குச் சற்று முன் புதிதாகக் கிழக்கே தோன்றும். ஆகவே முதலில் இது குணம் சொல்லும் கருவி அன்று, கடிகாரம்.

ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் ஒரு கிரகத்தை அதிபதியாக வைத்தபோதுதான் குணம் சொல்வது தொடங்கியது. யாரை வைப்பது என்பதில் கருத்து ஒன்றாக இல்லை. கிரேக்க மரபில் பரவலாக வழங்கிய முறை, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு என்ற வரிசையை மேஷத்தில் தொடங்கி மீனம் வரை திரும்பத் திரும்ப வைப்பது. இந்திய முறையில் முதல் பகுதி அந்த ராசியின் அதிபதிக்கும், இரண்டாவது அதிலிருந்து ஐந்தாம் ராசியின் அதிபதிக்கும், மூன்றாவது ஒன்பதாம் ராசியின் அதிபதிக்கும் உரியவை. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் தம் பிருகத் ஜாதகத்தில் இதைக் கூறிவிட்டு, முதல், பன்னிரண்டு, பதினொன்றாம் ராசி அதிபதிகளைச் சொல்வோரும் உண்டு என்கிறார்.

மேஷத்தை எடுத்துக்கொண்டால் வேறுபாடு விளங்கும். வேகம், முன்கோபம், முந்திச் செல்லும் துணிவு ஆகியவை மேஷத்துக்குச் சொல்லப்படும் பொதுக் குணங்கள். முதல் பகுதிக்கு இரு முறையிலும் செவ்வாயே அதிபதி. அதனால் அதே குணங்கள் இரட்டிப்பாகச் சொல்லப்படும். இரண்டாம் பகுதிக்கு, ஐந்தாம் ராசியான சிம்மத்தின் வழியாகச் சூரியன் வருகிறார். கிரேக்க வரிசையிலும் அவரே. வேகத்தோடு தலைமையும் மானமும் சேர்கின்றன. மூன்றாம் பகுதியில் வழி பிரிகிறது. இந்திய முறைப்படி தனுசின் அதிபதி குரு வருவதால் கொள்கைப் பிடிப்பும் பிறருக்கு அறிவுரை சொல்லும் இயல்பும் உடையவர் என்பர். கிரேக்க வரிசைப்படி சுக்கிரன் வருவதால் அதே மனிதர் நயமும் அழகுணர்வும் உடையவர் ஆகிவிடுகிறார்!

தமிழ் மாதம் சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் காலமே. எனவே மாதத்தின் முதல் பத்து, நடுப் பத்து, கடைசிப் பத்து நாட்களை மூன்று திரேக்காணங்களாகக் கொள்ளலாம். இது தோராயக் கணக்கே. ஆனி 32 நாள் வரை நீளும், மார்கழி 29 நாளில் முடிவதும் உண்டு. ஆகவே 10, 11, 20, 21 ஆகிய தேதிகளை ஒட்டிப் பிறந்தவர்களுக்குப் பஞ்சாங்கத்தில் சூரியனின் பாகையைப் பார்த்த பின்பே முடிவு செய்ய வேண்டும்.

பழவேற்காடு அருகிலுள்ள காட்டூரில் சித்திரை 15 அன்று ஒரு குழந்தை பிறப்பதாகக் கொள்வோம். ஆங்கிலத் தேதி ஏப்ரல் 28 அளவில் இருக்கும். சூரியன் மேஷத்தில் சுமார் 14 பாகை, அதாவது இரண்டாம் திரேக்காணம். மேலை நாட்டு முறை இன்று ஏறத்தாழ 24 பாகை முன்னே நிற்பதால், அங்கே இதே குழந்தை ரிஷபத்தில் 8 பாகை, முதல் திரேக்காணம். ஆங்கில இதழில் படிக்கும் பலனைத் தமிழ் மாதத்தோடு பொருத்திப் பார்ப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அதே நாளில் உலகில் எங்கே பிறந்தாலும் சூரியனின் திரேக்காணம் பெரும்பாலும் ஒன்றுதான், அது மாறப் பத்து நாள் ஆகும். லக்கினத்தின் திரேக்காணமோ சராசரியாக 40 நிமிடத்துக்கு ஒருமுறை மாறும், ஊருக்கு ஊரும் வேறுபடும். இந்திய சோதிடர்கள் லக்கின திரேக்காணத்தை உடல் உறுப்புகளுக்கும், திரேக்காணச் சக்கரத்தை உடன்பிறந்தோர் பற்றி அறியவுமே மிகுதியாகப் பயன்படுத்தினர். நம் வழக்கில் 'என்ன ராசி' என்று கேட்டால் சந்திரன் நின்ற ராசியைத்தான் சொல்வோம். சூரிய ராசியை மட்டும் வைத்துக் குணம் எழுதுவது 20ஆம் நூற்றாண்டின் செய்தித்தாள்கள் பரப்பிய பழக்கம்.

அதிபதிகளோடு ஒவ்வொரு திரேக்காணத்துக்கும் ஓர் உருவமும் உண்டு. மேஷத்தின் முதல் பகுதிக்கு வராகமிகிரர் காட்டுவது இடுப்பில் வெள்ளைத் துணி கட்டிய, சிவந்த கண்களும் கோடரியும் உடைய கரிய மனிதன். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் அபு மஃஷர் இந்த இந்திய உருவங்களை அரபியில் எழுதினார். அங்கிருந்து அவை இலத்தீனுக்குச் சென்றன. இத்தாலியின் பெரார்ரா நகரில் ஸ்கிஃபனோயா மாளிகைச் சுவரில் 1470ஐ ஒட்டி மார்ச் மாதத்துக்கு வரையப்பட்ட ஓவியத்தில் அதே கரிய மனிதன் வெள்ளை உடையில் நிற்கிறான். கோடரி வழியில் எங்கோ தொலைந்து, இடுப்பில் ஒரு கயிறு வந்துவிட்டது. 1912இல் ரோமில் நடந்த கலை வரலாற்று மாநாட்டில் ஆபி வார்பர்க் என்னும் செருமானிய அறிஞர் இவனது பயணத்தை விளக்கிக் காட்டும் வரை, அவன் யார் என்பது பார்ப்பவர்களுக்குப் புதிராகவே இருந்தது.